ஒரு பெற்றோருடன் மட்டும் வெளிநாடு போகும் பிள்ளைக்குச் சம்மதக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் வழக்கறிஞராக இருக்கிறேன். நோட்டரி வேலையும் பார்க்கிறேன். மார்ச் மாதம் பிறந்துவிட்டால் இந்தக் கடிதத்துக்காக என் அலுவலகப் படி ஏறுபவர்கள் பெருகிவிடுவார்கள். கோடை விடுமுறையில் தாய் பிள்ளையோடு கனடாவில் இருக்கும் அக்கா வீட்டுக்கோ அண்ணன் வீட்டுக்கோ போகிறார், தந்தைக்கு விடுப்பு இல்லை என்பதுதான் பெரும்பாலும் கதை. அதனால் கனடாப் பயணத்தையே முன்வைத்து எழுதுகிறேன். வேறு நாடு என்றால் அந்த நாட்டு விசா மையம் தரும் ஆவணப் பட்டியலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் 7 வயது மகளும் மட்டும் டொராண்டோ போகிறோம். இந்தக் கடிதம் கட்டாயமா?

இந்தியாவிலிருந்து புறப்படும்போது எல்லாத் தாய்மார்களும் இதைக் காட்டியே ஆக வேண்டும் என்று பொது விதி இல்லை. கேள்வி எழுவது போய் இறங்கும் இடத்தில். ஒரு பெற்றோருடன் மட்டும் வரும் சிறார் என்ன கொண்டுவர வேண்டும் என்று கனடாவின் குடிவரவுத் துறை தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பிள்ளையின் சொந்தப் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழின் நகல், உடன் வராத பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய கையெழுத்து உள்ள பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டையின் நகல்.

எல்லையில் இருக்கும் அதிகாரி ஒவ்வொருவரிடமும் கேட்பதில்லை. கேட்டு, உங்களிடம் இல்லையென்றால், தனியே உட்காரவைத்து விசாரிப்பார். சந்தேகம் தீராவிட்டால் உள்ளே விட மறுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, தூக்கம் கலையாத குழந்தையோடு நிற்கும்போது அந்த நிலை வரக் கூடாது. விசா விண்ணப்பத்திலேயே கடிதத்தை இணைத்துவிடுங்கள், அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயமா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட இது எளிது.

நான் அவளைப் பெற்ற தாய். என் பிள்ளையை அழைத்துப்போக அவரிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது மனைவி கணவனிடம் வாங்கும் அனுமதி அன்று. தந்தை மட்டும் பிள்ளையை அழைத்துப்போனால் தாயின் கடிதத்தை இதே போலக் கேட்பார்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தந்தையை முதலிலும் ‘அவருக்குப் பின்’ தாயையும் இயற்கைக் காப்பாளர்களாகச் சொல்கிறது. 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லுக்கு, தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது, அவர் பொறுப்பில் இல்லாத நிலையையும் அது குறிக்கும் என்று விளக்கம் தந்தது. உங்கள் உரிமையில் குறை ஒன்றும் இல்லை.

அயல்நாட்டு அதிகாரி உங்கள் உரிமையை எடைபோட நிற்கவில்லை. பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவது உலகம் முழுக்க நடக்கிறது. முன்னே நிற்கும் குழந்தை அப்படிப்பட்டவள் இல்லை என்று சில நிமிடங்களில் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு உதவும் தாள்தான் இது.

மகளுக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோமே, அதையே காட்டலாமா?

முடியாது. நீங்கள் கொடுத்தது அனெக்சர் ‘டி’ என்ற உறுதிமொழி. இந்தப் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வழங்க எங்களுக்குச் சம்மதம் என்பதே அதன் பொருள். அது பாஸ்போர்ட் அலுவலகத்தோடு முடிந்துவிட்டது. எந்த நாட்டுக்கு, யாரோடு, எப்போது போகிறாள் என்று அதில் ஒரு வரியும் கிடையாது.

இன்னொரு குழப்பமும் இங்கேதான் பிறக்கிறது. 2016 டிசம்பரிலிருந்து பாஸ்போர்ட்டுக்கான அனெக்சர்களை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், நோட்டரி வேண்டாம். அதை நினைத்துக்கொண்டு பயணக் கடிதத்துக்கும் நோட்டரி வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தளர்வு இந்தியப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு மட்டும் உரியது.

இணையத்தில் IMM 5604 என்று ஒரு படிவம் கிடைத்தது. அதை நிரப்பினால் போதுமா?

அது நிரந்தரமாகக் குடியேறப் போகும் பிள்ளைக்கு, உடன் வராத பெற்றோர் தரும் உறுதிமொழி. உங்கள் மகள் நாற்பது நாள் விருந்தாளியாகப் போகிறாள். குடியேற்றப் படிவத்தை விருந்தாளி விண்ணப்பத்தோடு இணைத்தால், பிள்ளையை அங்கேயே விடப்போகிறீர்களோ என்ற ஐயத்தை நீங்களே கிளப்பியதாகிவிடும். கடிதமாகவே எழுதுங்கள்.

கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? ஒரு மாதிரி கிடைக்குமா?

ஒரே பக்கம் போதும். இந்த மூவரும் யார், எங்கே போகிறார்கள், எப்போது திரும்புவார்கள், இதை எழுதியவரை எப்படிப் பிடிப்பது என்ற நான்கும் படித்த உடனே தெரிய வேண்டும். நான் எழுதித் தரும் கடிதத்தின் உடல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

> “……… முகவரியில் வசிக்கும், ……… எண்ணுள்ள இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நான், ……… நாளில் ……… ஊரில் பிறந்த, ……… எண்ணுள்ள பாஸ்போர்ட் வைத்திருக்கும் ……… என்ற சிறுமியின் தந்தை. அவள் தன் தாயார் ……… (பாஸ்போர்ட் எண் ………) உடன் மே 2 முதல் ஜூன் 20 வரையிலான காலத்துக்குள் கனடா சென்று, டொராண்டோவில் ……… என்ற முகவரியில் தாயாரின் அக்கா வீட்டில் தங்கி, இந்தியா திரும்புவதற்கு எனக்கு முழுச் சம்மதம். இதைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டுமானால் ……… என்ற தொலைபேசி எண்ணிலும் ……… என்ற மின்னஞ்சலிலும் தொடர்புகொள்ளலாம்.”

இதன் கீழே ஊர், தேதி, கையெழுத்து, பெயர். அதற்கும் கீழே நோட்டரிக்கு இடம்.

தேதியைக் கவனியுங்கள். திரும்பும் டிக்கெட் ஜூன் 10 என்றாலும் கடிதத்தில் ஜூன் 20 வரை எழுதச் சொல்வேன். குழந்தைக்குக் காய்ச்சல், விமானம் ரத்து, டிக்கெட் மாற்றம் என்று எது வந்தாலும் கடிதம் காலாவதியாகாமல் இருக்கும். அதற்காக ‘எப்போது வேண்டுமானாலும், எந்த நாட்டுக்கும்’ என்று எழுதிவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற கடிதத்தை, இந்தப் பயணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாத கடிதமாகத்தான் அதிகாரி பார்ப்பார்.

நாட்டின் பெயரிலும் அதே கவனம் வேண்டும். டொராண்டோவுக்குப் போகிறவர்கள் நயாகரா பார்க்காமல் திரும்புவதில்லை. கனடாப் பக்கம் நின்று பார்த்துத் திரும்பினால் சிக்கல் இல்லை. பாலத்தைக் கடந்து அமெரிக்கப் பக்கம் போவதாக இருந்தால் அமெரிக்க விசா வேண்டும், கடிதத்திலும் அமெரிக்காவின் பெயர் இருக்க வேண்டும். அங்கே போனபின் அக்கா திடீரென்று காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் கடிதத்தைத் திருத்த முடியாது.

அவசரச் சிகிச்சைக்குச் சம்மதம் என்று ஒரு பத்தியைப் பலர் சேர்க்கிறார்கள். பிள்ளை பாட்டியோடோ சித்தியோடோ போனால் அது மிக அவசியம். தாயோடு போகும்போது நான் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன். தாய்க்கு அந்த அதிகாரம் ஏற்கெனவே உண்டு, கடிதமும் சிறியதாக இருக்கும்.

தமிழில் எழுதிக் கொடுக்கலாமா?

கனடாவுக்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருப்பது நல்லது. மேலே உள்ள மாதிரியை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள். தந்தைக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால், கையெழுத்துக்கு முன் நோட்டரி அதைத் தமிழில் படித்துக் காட்டி, அப்படிப் படித்துக் காட்டியதாகக் கீழே ஒரு வரி எழுத வேண்டும். படித்துக் காட்டாமல் வாங்கும் கையெழுத்தை நான் சம்மதமாகவே எண்ணுவதில்லை.

என் பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர், மகள் பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர். இருவருக்கும் பெயர் ஒட்டவில்லையே, பிரச்சினை வருமா?

தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் கிடையாது. முதலெழுத்தை விரித்து, தந்தை பெயரைக் கடைசிப் பெயராக எழுதிவிடுகிறோம். ஆகவே பாட்டனார் பெயர் தாய்க்கு, தந்தை பெயர் மகளுக்கு. குடும்பம் முழுவதும் ஒரே கடைசிப் பெயரோடு வருவதைப் பார்த்துப் பழகிய அதிகாரிக்கு, இருவரும் உறவே இல்லாதவர்கள் போலத் தோன்றும்.

இதற்கு மருந்து பிறப்புச் சான்றிதழ். பிள்ளை, தாய், தந்தை மூவரையும் ஒரே தாளில் கட்டிப்போடுவது அதுதான். தமிழ்நாட்டில் இப்போது தரும் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. மொழிபெயர்க்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் எடுத்துப் படித்துப் பாருங்கள். மருத்துவமனையில் அவசரமாகப் பதிந்த சான்றிதழில் குழந்தையின் பெயரே இருக்காது, ‘பெண்’ என்று மட்டும் இருக்கும். பதிவு செய்து 15 ஆண்டுக்குள் பெயரைச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. அதை விசாவுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கடிதத்திலும் பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் எழுதுங்கள். சான்றிதழில் முதலெழுத்தோடும் பாஸ்போர்ட்டில் விரித்தும் இருந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்று தந்தையின் கடிதத்திலேயே ஒரு வாக்கியம் சேர்த்துவிடலாம்.

யாரிடம் சான்று வாங்குவது? எங்கள் ஊர் வி.ஏ.ஓ., பக்கத்து வீட்டுத் தலைமையாசிரியர், வக்கீல் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

நோட்டரியிடம் போங்கள். இந்தக் கடிதத்துக்குத் தேவைப்படும் சான்று எது என்று தெரிந்துகொண்டால் மற்றவர்கள் ஏன் பொருந்தவில்லை என்பது விளங்கும். இதில் தந்தை நல்லவர் என்றோ, இந்த ஊரில் குடியிருக்கிறார் என்றோ யாரும் சொல்ல வேண்டியதில்லை. இன்ன பெயருடைய ஆள், இன்ன தேதியில், என் கண்முன்னே, தன் விருப்பத்தோடு இதில் கையெழுத்திட்டார் என்பதை, அப்படிச் சொல்லச் சட்டம் அதிகாரம் தந்த ஒருவர் சொல்ல வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் தருவது இருப்பிடம் முதலிய வருவாய்த்துறைச் சான்று. பச்சை மையில் கையெழுத்திடும் அரசு அலுவலர் தருவது, நகல் அசலோடு ஒத்திருக்கிறது என்ற சான்று. நோட்டரியாக நியமனம் பெறாத வழக்கறிஞர் கடிதத்தை எழுதித் தரலாம், சாட்சியாகவும் கையெழுத்திடலாம். நோட்டரி முத்திரை அவரிடம் இருக்காது.

1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் அந்த அதிகாரத்தை நோட்டரிக்குத் தருகிறது. சரியாக வேலை பார்க்கும் நோட்டரி செய்வது இதுதான்: அசல் அடையாள அட்டையை வாங்கி முகத்தோடு ஒப்பிடுவார், தன் எதிரே கையெழுத்து வாங்குவார், தன் பதிவேட்டில் வரிசை எண் போட்டு எழுதி, அதிலும் கையெழுத்து வாங்குவார், கடிதத்தில் அந்த எண்ணையும் தேதியையும் எழுதி, முத்திரையும் நோட்டரி வில்லையும் இட்டுக் கையெழுத்திடுவார். வீட்டிலேயே கையெழுத்திட்டு மனைவியிடம் கொடுத்தனுப்பிய தாளில் முத்திரை மட்டும் குத்தித் தருகிறவரிடம் போகாதீர்கள். என்னிடம் அப்படி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வருத்தப்படுவார்கள். ஆனால் அந்தப் பதிவேட்டு வரி இல்லாவிட்டால், நாளை யாராவது இது என் கையெழுத்தே இல்லை என்றால் காட்ட ஒன்றும் இருக்காது.

போன ஆண்டு ஒருவர் தமிழில் அழகாகக் கையெழுத்திட்டார். கூடவே அவர் கொடுத்த பாஸ்போர்ட் நகலைப் புரட்டினேன். அதில் இருந்தது ஆங்கிலக் கையெழுத்து. வங்கி வேலைக்குச் சேர்ந்த பிறகு மாற்றிக்கொண்டாராம். கனடா அந்த நகலைக் கேட்பதே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான். தாளைக் கிழித்துவிட்டு, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே புதிதாகக் கையெழுத்து வாங்கினேன். நகல் எடுக்கும்போது புகைப்படப் பக்கத்தோடு கையெழுத்தும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை பெயரின் மேலோ தேதியின் மேலோ விழுந்து எழுத்தை மறைத்துவிடாமலும் பாருங்கள். ஸ்கேன் செய்தால் அங்கே வெறும் நீலக் கறைதான் தெரியும்.

சாதாரணக் கடிதமா, பிரமாணப் பத்திரமா?

கனடாவுக்கு நோட்டரி சான்றிட்ட கடிதம் போதும். சில நாடுகளின் விசா ஆவணப் பட்டியலில் ‘அபிடவிட்’ என்றே கேட்டிருப்பார்கள். அப்போது அதே செய்தியை முத்திரைத்தாளில், சத்தியம் செய்து சொல்கிறேன் என்ற நடையில் எழுத வேண்டும். பட்டியலில் என்ன சொல் இருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள்.

என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். கையெழுத்திட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்கிறார்.

அந்தப் படத்தை வைத்து இங்கே எந்த நோட்டரியும் சான்றிட முடியாது. அவர் எங்கள் முன் நிற்கவில்லையே. அவர் தன் பாஸ்போர்ட்டோடு அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போய், அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். 1948-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, நோட்டரி செய்யும் வேலைகளைச் செய்ய இந்தியத் தூதரக அலுவலர்களுக்கு அதிகாரம் தருகிறது. முன்பதிவு செய்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கையெழுத்திடாத தாளையே கொண்டுபோக வேண்டும். இட்டுவிட்டுப் போனால் மறுபடி அச்சிடச் சொல்வார்கள். ஸ்கேனை விசாவுக்கு வைத்துக்கொண்டு, அசலைக் கூரியரில் வரவழையுங்கள். இதற்கு இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள்.

அப்போஸ்டில் முத்திரையும் வேண்டும் என்று ஏஜெண்ட் சொல்கிறார். வேண்டுமா?

ஒரு நாட்டு ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று இன்னொரு நாடு ஏற்க, வெளியுறவு அமைச்சகம் இடும் சான்று அது. இதற்கென்று ஒரு பன்னாட்டு ஒப்பந்தம் உண்டு. இந்தியா 2005-லிருந்தும் கனடா 2024 ஜனவரியிலிருந்தும் அதில் இருக்கின்றன. ஆனால் விருந்தாளியாகப் போகும் பிள்ளையின் கடிதத்துக்கு அதைக் கனடா கேட்பதில்லை. நோட்டரி சான்றிட்ட தாள் முதலில் மாநில அரசின் சான்று பெற்று, பிறகுதான் அமைச்சகத்துக்குப் போக முடியும். நாளும் பணமும் போகும். நீங்கள் போகும் நாட்டின் பட்டியலில் எழுத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

போன வருடம் வாங்கிய கடிதத்தை இந்த வருடமும் காட்டலாமா?

வேண்டாம். ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக வாங்குங்கள். தேதி ஒரு காரணம், பாஸ்போர்ட் எண் இன்னொரு காரணம். 15 வயதுக்குக் குறைந்த சிறாரின் பாஸ்போர்ட் 5 ஆண்டு அல்லது 18 வயது வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். நடுவில் புதுப்பித்தால் எண் மாறிவிடும். இதில் என் கையே ஒருமுறை தவறியது. பழைய கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டேன்; பிள்ளையின் பாஸ்போர்ட் புதுப்பிக்கப்பட்டிருந்தது எனக்குத் தெரியாது. விசா விண்ணப்பத்தில் ஏற்றுவதற்கு முன் தாய் கண்டுபிடித்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து மூன்று பாஸ்போர்ட்டையும் மேசைமேல் திறந்து வைத்துக்கொண்டு, எண்ணை உரக்கப் படித்தபிறகே அச்சிடுகிறேன்.

கணவர் இறந்துவிட்டார். நான் யாரிடம் கடிதம் வாங்குவது?

யாரிடமும் வேண்டாம். அவருடைய இறப்புச் சான்றிதழின் நகலும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் போதும். மாமனார் கையெழுத்திட வேண்டும் என்று உறவினர் சொன்னால் கேட்காதீர்கள். தாத்தாவின் சம்மதத்துக்கு இங்கே இடமில்லை. பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயரே இல்லாத, திருமணமாகாத தாய் என்றால் அந்தச் சான்றிதழே ஆதாரம். நிலைமையை விளக்கித் தாயே ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் சான்று பெற்று உடன் வைத்துக்கொள்வது நல்லது.

விவாகரத்து ஆகிவிட்டது, பிள்ளை என்னிடம் இருக்கிறாள். அவர் கையெழுத்துத் தர மறுக்கிறார்.

முதலில் தீர்ப்பை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். பிள்ளையின் பொறுப்பு முழுவதும் உங்களுக்கு, தந்தைக்குப் பார்க்கும் உரிமையும் தரப்படவில்லை என்றால், தீர்ப்பின் சான்றிட்ட நகலே கடிதத்தின் இடத்தில் நிற்கும். மாதம் இரண்டு ஞாயிறு அவர் பிள்ளையைப் பார்க்கலாம் என்று இருந்தால், நாற்பது நாள் வெளிநாடு போவது அந்த உத்தரவை மீறுவதாகும். அப்போதும், வழக்கு இன்னும் நடக்கும்போதும், ஒரே வழி குடும்பநல நீதிமன்றத்தில் பயண அனுமதி கேட்டு மனு போடுவதுதான்.

மனுவில் போகவர டிக்கெட், தங்கும் முகவரி, பள்ளி திறக்கும் தேதி, பிள்ளை தந்தையோடு வீடியோவில் பேசும் நேரம், திரும்பியதும் நீதிமன்றத்தில் தெரிவிப்பதாக உறுதிமொழி எல்லாம் இருக்கட்டும். நீதிமன்றம் இதில் தயங்குவதற்குக் காரணம் உண்டு. எல்லை கடந்து கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளைத் திரும்ப அனுப்புவதற்கான 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. பிள்ளை அங்கே தங்கிவிட்டால், இங்குள்ள தந்தைக்கு அந்த ஒப்பந்தத்தின் வழி அடைபட்டிருக்கும். அந்த அச்சத்தைப் போக்கும்படி மனு எழுதினால் அனுமதி கிடைக்க வாய்ப்பு அதிகம். இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். டிக்கெட்டைப் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் எடுங்கள். அவர் கையெழுத்தை நீங்களே போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், அதன் பெயர் போலி ஆவணம். பிள்ளையின் பொறுப்பையே இழக்க நேரிடும்.

விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள்? எதைக் கையில் வைத்திருக்க வேண்டும்?

கடிதத்தின் அசல், தந்தையின் பாஸ்போர்ட் நகல், பிறப்புச் சான்றிதழ், திரும்பும் டிக்கெட் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டிக்குள் போனால் அது கிடைக்கும்போது குடிவரவுச் சோதனை முடிந்திருக்கும். ஒரு செட் நகலை அக்காவுக்கும் அனுப்பிவிடுங்கள்.

தந்தையின் தொலைபேசி அன்று அணைந்திருக்கக் கூடாது. கோடையில் டொராண்டோவுக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஐந்து மணிக்கு நீங்கள் இறங்கினால் இங்கே அதிகாலை இரண்டரை. அதிகாரி அழைத்தால் அந்த நேரத்தில் எடுத்துப் பேச வேண்டும் என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.

அதிகாரி சில சமயம் தாயை விட்டுவிட்டுப் பிள்ளையிடமே குனிந்து பேசுவார்: கூட வந்திருப்பது யார், அப்பா எங்கே, யார் வீட்டுக்குப் போகிறாய்? பதில்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒப்பிக்கும் குழந்தையைக் கண்டால் சந்தேகம் கூடும். கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பாவையே உட்கார்ந்து சொல்லச் சொல்லுங்கள்: “எனக்கு ஆபீஸ் இருக்கிறது, நீ அம்மாவோடு பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டு வா.” பிள்ளை அதைத் தன் வார்த்தையில் சொல்லிவிடுவாள்.